ஒரே மளிகை பில்லுக்கு இரண்டு முறை பணம் கொடுத்துவிட்டேன்: மெஸ் கணக்கு பார்ப்பவர்கள் கவனியுங்கள்

38,640 ரூபாய். திங்கட்கிழமை ராத்திரி கண்டுபிடித்தேன், இன்று வியாழன். ஒரு பைசா திரும்பி வரவில்லை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். விடுதி மெஸ் கணக்கு பார்க்கும் யாராவது படித்தால் போதும். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மாணவியர் விடுதிக்கு வார்டன் பொறுப்பும் என்னிடம்தான். 180 பிள்ளைகள். எங்கள் மெஸ் டிவைடிங் சிஸ்டம். அந்த மாதம் அரிசி, பருப்பு, பால், காய்கறி, கேஸ், சமையல்காரர் சம்பளம் என்று ஆன மொத்தச் செலவைப் பிள்ளைகள் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுத்தால் ஒரு நாள் ரேட் வரும். செப்டம்பரில் 180 பேருக்கு 30 நாள் என்றால் 5,400 நாள். ஊருக்குப் போனவர்களுக்குக் கழித்தது 570. மிச்சம் 4,830. செலவு 4,97,490 ரூபாய். வகுத்தால் 103. அதைத்தான் நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன்.

மெஸ் செக்ரட்டரியாக இருக்கும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை திங்கட்கிழமை சாயங்காலம் வந்து நின்றாள். "மேடம், போன மாசம் 95 தானே? இந்த மாசம் ஸ்பெஷல்கூட ஒண்ணும் போடலையே, எப்படி 103 வந்துச்சு?" விலைவாசி ஏறிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு மனசு கேட்கவில்லை. பருப்பு விலை ஏறவில்லை என்பது எனக்கே தெரியும்.

சாப்பிட்டுவிட்டு வந்து எக்செல் ஷீட்டைத் திறந்தேன். எங்கள் ஷீட்டில் A தேதி, B கடை, C பில் நம்பர், D சரக்கு, E தொகை. ஒரே பில் இரண்டு தடவை ஏறியிருக்கிறதா என்று பார்க்க C-யை எண்ணச் சொன்னேன்.

```
=COUNTIF(C:C,C2)
```

இந்த வரியில் உள்ள பில் நம்பர் C நெடுவரிசை முழுக்க எத்தனை முறை இருக்கிறது என்று இது சொல்லும். கீழே வரை இழுத்துவிட்டேன். எல்லா வரியிலும் 1. அப்பாடா என்று லேப்டாப்பை மூடப் போனேன். மூடியிருந்தால் 38,640 ரூபாய் அப்படியே போயிருக்கும், எனக்குத் தெரிந்தேகூட இருக்காது.

ஏனோ தொகையையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம் என்று தோன்றியது.

```
=COUNTIF(E:E,E2)
```

இதில் ஏகப்பட்ட வரிகளில் 1-க்கு மேல் வந்தது. பால் தினமும் 45 லிட்டர், தினமும் அதே தொகை, அதனால் அங்கே 30. கேஸ் சிலிண்டரும் அப்படித்தான். அவற்றையெல்லாம் தள்ளிக்கொண்டே வந்தேன். 38,640 என்ற இடத்தில் 2 என்று இருந்தது. மொத்த மளிகைக் கடை. மூன்று வகைச் சரக்கு கலந்த ஒரு பில்லின் கூட்டுத்தொகை ரூபாய் பிசகாமல் இரண்டு முறை வருமா?

பில் நம்பரைப் பார்த்தேன். முதல் வரியில் B1187. இரண்டாவது வரியில் வெறும் 1187. நமக்கு அது ஒன்றுதான். எக்செல்லுக்கு B1187 வேறு, 1187 வேறு. அதனால்தான் இரண்டு இடத்திலும் 1 என்று காட்டியிருக்கிறது. இதே மாதிரி நம்பருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் விழுந்தாலும், நடுவில் ஒரு கோடு விட்டுப்போனாலும் அது தனி நம்பராகிவிடும்.

அப்போதே ஆபீஸ் ரூமைத் திறந்து வவுச்சர் ஃபைலை எடுத்தேன். இரண்டு பில்லையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று வெள்ளை, ஒன்று ரோஸ் நிறக் கார்பன் படி. 26 கிலோ அரிசி மூட்டை 18, மூட்டை 1,420. துவரம்பருப்பு 50 கிலோ, கிலோ 164. எண்ணெய் டின் 2, டின் 2,440. கூட்டினால் 38,640. வெள்ளைப் பில்லில் பருப்புக்கு எதிரே 60 என்று எழுதி, அடித்து, மேலே 50 என்று திருத்தியிருக்கிறார்கள். ரோஸ் தாளிலும் அதே அடித்தல், அதே இடத்தில், நீல மையாகப் பதிந்திருக்கிறது. வேறு லோடுக்கு எழுதிய பில்லில் அதே தப்பு அதே இடத்தில் எப்படி வரும்? ரோஸ் தாளின் மேல் மூலை கிழிந்திருந்தது. B என்ற எழுத்து இருந்த மூலை. வெள்ளைப் பில்லின் பின்னால் எங்கள் வாட்ச்மேனின் கேட் முத்திரை, 6-ஆம் தேதி. ரோஸ் தாளின் பின்னால் முத்திரையே இல்லை. சரக்கு உள்ளே வந்திருந்தால்தானே முத்திரை விழும்.

அந்த ரோஸ் தாளில் என் கையெழுத்து இருக்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

எப்படிப் போட்டேன் என்று சொல்கிறேன். செப்டம்பர் 24. இன்டர்னல் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு வராந்தாவில் நின்றிருந்தேன். கடை அண்ணாச்சி அவரே வந்தார். ஆறு வருஷமாக அவரிடம்தான் மளிகை. பொங்கலுக்குக் கரும்புக் கட்டு அனுப்புவார். "மேடம், ஒரு பில்லு பாஸாகாம நிக்கி. ஒரிஜினல் உங்க ஆபீஸ்ல எங்கயோ மிஸ்ஸாயிட்டு போல. இது காப்பி. பையன்களுக்குச் சம்பளம் போடணும், கொஞ்சம் பாத்து விடுங்க." காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் பேனாவையும் திறந்து நீட்டினார். ஆறு வருஷம் பழகிய மனிதர். ஆட்டோ வந்து நின்றது. சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். முதல் பில்லுக்கு 12-ஆம் தேதியே பணம் போய்விட்டது என்பது அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வரவில்லை. இரண்டு நாளில் இன்னொரு 38,640 அவர் கணக்குக்குப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் போன் செய்தேன். "அப்படியா மேடம்? பாத்துச் சொல்லுதேன்." மத்தியானம் வரை வரவில்லை, நானே மறுபடி செய்தேன். "அது வேற லோடு மேடம். ஒரே மாதிரி சரக்கு எடுத்திருப்பீங்க." அடித்துத் திருத்தியது இரண்டிலும் இருக்கிறதே அண்ணாச்சி என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பில் புக் ஆடிட்டர்கிட்ட இருக்கு, வரட்டும்" என்று வைத்துவிட்டார். புதன்கிழமை மகன் எடுத்தான். அப்பா வெளியூர் போயிருக்கிறாராம். சாயங்காலம் நேரிலேயே போனேன். வெளியூர் போனவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். "எங்க போயிரப் போறேன் மேடம், அடுத்த பில்லுல கழிச்சுக்கிடுவோம்" என்றார். அதை எழுதிக் கொடுங்கள், கிரெடிட் நோட் போடுங்கள் என்றேன். "நமக்குள்ள எழுத்து எதுக்கு?" என்று சிரித்தார். காபி வேண்டுமா என்று வேறு கேட்டார்.

கல்லூரி ஆபீஸிலாவது பேசுவார்கள் என்று போனேன். "சப்ளையர்கிட்ட நாங்க எப்படி மேடம் கேக்கறது? பாஸ் பண்ணது நீங்கதானே" என்று சொல்லிவிட்டார்கள். சரி, கையெழுத்து என்னுடையதுதான். சரக்கே வராத பில்லுக்குக் காசு வாங்கியவர் அவர் இல்லையா?

38,640-ஐ 4,830-ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 8 ரூபாய் வருகிறது. 95-க்கும் 103-க்கும் நடுவில் இருக்கும் அதே 8 ரூபாய். மாதம் முழுக்க இருந்த ஒரு பிள்ளைக்கு 240 ரூபாய் கூடுதல். 3,090 ரூபாய் பில்லை இரண்டு தவணையாகக் கட்டட்டுமா மேடம் என்று ஒரு பிள்ளை போன வெள்ளிக்கிழமைதான் என்னிடம் கேட்டாள். அவளிடமிருந்தும் அந்த 240 போயிருக்கிறது. இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சரி, என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன் என்றேன். பில் நம்பரை மட்டும் எண்ணி நிம்மதியாகிவிடாதீர்கள். நான் இப்போது F-ல் பில் நம்பரின் கடைசி நான்கு எழுத்தை மட்டும் எடுத்து, கடையோடு சேர்த்து G-யில் எண்ணுகிறேன்.

```
F2: =RIGHT(TRIM(C2),4)
G2: =COUNTIFS(B:B,B2,F:F,F2)
```

இதில் B1187-ம் 1187-ம் ஒன்றாகிவிட்டன, இரண்டு வரியிலும் 2 வந்தது. கடைப் பெயரை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி எழுதியிருந்தால்தான் இது வேலை செய்யும். மாதத்துக்கு ஒரு ஷீட் வைத்திருந்தால் போன மாத பில் இந்த மாதம் வந்தால் தெரியாது, எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் போடுங்கள். தொகையையும் தனியாக எண்ணுங்கள், 2 வந்தாலே திருட்டு என்றில்லை, பால் கணக்கு அப்படித்தான் வரும். கேட் ரிஜிஸ்டரையும் ஸ்டாக் ரிஜிஸ்டரையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்புறம், கார்பன் படிக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி விதிப்படி சரக்கு பில் மூன்று படி. வாங்குபவருக்கு உள்ளது ஒரிஜினல் மட்டும்தான். டூப்ளிகேட் வண்டிக்காரருக்கு, மூன்றாவது கடைக்காரருக்கு. தொலைந்துவிட்டது என்று யார் வந்து சொன்னாலும் முதலில் பேங்க் ஸ்டேட்மென்டில் அந்தத் தொகையைத் தேடுங்கள். நின்றுகொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னும் எழுத இருக்கிறது, நேரமில்லை. 38,640 ரூபாய்க்கு எழுத்து மூலமாகக் கடிதம் தயார் செய்து, இரண்டு பில்லின் நகலையும் வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பப் போகிறேன். முதல்வருக்கும் ஒரு பிரதி. போர்டில் இருந்த 103-ஐ இன்று காலையில் கிழித்துவிட்டு 95 என்று ஒட்டிவிட்டேன். கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்த மாதம் கழித்துக்கொள்ளப்படும் என்று கீழே எழுதியிருக்கிறேன். கடையிலிருந்து போன் வரவில்லை.