இயக்குநர் குழுவுக்கு ஒரு தாள், வார்டுக்கு ஒரு தாள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரிய ரத்தக்குழாயில் செருகி வைக்கும் சென்ட்ரல் லைன் என்ற மெல்லிய குழாய் வழியாக வரும் ரத்தத் தொற்று பற்றி 24 ஸ்லைடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முந்தைய காலாண்டில் 6 பேருக்குத் தொற்று, இந்தக் காலாண்டில் 2 பேருக்கு. இதை மருத்துவமனையின் இயக்குநர் குழுவுக்கும் செவிலியர்களுக்கும் ஒவ்வொரு தாளில் சுருக்க வேண்டும்.

குழுவுக்கான தாளில் பலர் முதலில் வெட்டுவது ‘லைன் நாட்கள்’ என்ற கணக்கை. எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை நாள் லைன் இருந்தது என்பதன் கூட்டுத்தொகை அது. அதை வெட்டினால் "ஆறு இரண்டாகிவிட்டது" என்று குழு மகிழ்ந்துபோகும். ஆனால் லைன் நாட்களும் 1,500-லிருந்து 500-ஆகக் குறைந்திருந்தால்? ஆயிரம் நாளுக்கு 4 தொற்று என்ற விகிதம் அப்படியே நிற்கிறது. நோயாளிகள் எண்ணிக்கை மாறவில்லை என்றால், தொற்று ஆறிலிருந்து இரண்டானது தேவையற்ற லைன்களைச் சீக்கிரம் அகற்றியதால் வந்த பலன். லைன் போடும் முறையும் பராமரிப்பும் மேம்பட்டதற்கு இதில் சான்று இல்லை. ஒரு தொற்று கூடினால் விகிதம் 6, குறைந்தால் 2 என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். கிருமிநாசினி பூசும் முறை, ட்ரெசிங் மாற்றும் நாள், வார்டுகளின் பெயர்கள் எல்லாம் குழுவுக்கு வேண்டாம். பெயரைப் பார்த்தால் யாராவது ஓர் இயக்குநர் வார்டுக்கு நேரே தொலைபேசியில் பேசிவிடுவார்.

செவிலியர் தாளிலோ விகிதத்தைத் தயங்காமல் நீக்கலாம். ஆயிரத்துக்கு 4 என்பதைக் கொண்டு இரவுப் பணியில் யாரும் எதுவும் செய்ய முடியாது. "கடைசித் தொற்று வந்து 41 நாள் ஆகிறது" என்பது புரியும். "இந்த லைன் இன்றும் தேவையா என்று தினமும் கேட்டீர்கள், பலன் தெரிகிறது. போடும்போது முழு உடல் விரிப்பும் குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியும் தவறாமல் இருக்கட்டும்" என்று எழுதலாம். செலவுக் கணக்கையும் வார்டுகளின் தரவரிசையையும் இங்கே நான் சேர்க்க மாட்டேன். கடைசி இடத்துக்கு அஞ்சும் வார்டில் தொற்றைக் கண்டறியும் ரத்தக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவதே குறையும். நோயாளி அப்படியே இருக்க, எண் மட்டும் அழகாகும்.

இரண்டிலும் வெட்டக்கூடாதது ஒன்று உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இந்தத் தொற்றைக் குறைத்த திட்டத்தின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. லைன் போடும்போது படிகளைத் தவறவிடும் மருத்துவரை, அவசரநிலை அல்லாதபோது, செவிலியர் நிறுத்தலாம் என்பது அதில் ஒரு பகுதி. குழுவின் தாளில் இது ஒரு கோரிக்கை: இந்த அதிகாரத்துக்கு ஒப்புதல் தாருங்கள். வார்டுத் தாளில் இதுவே அனுமதி, கீழே மருத்துவக் கண்காணிப்பாளரின் கையெழுத்தோடு. அந்தக் கையெழுத்து வரும்வரை வார்டுத் தாளை நான் அச்சுக்கு அனுப்ப மாட்டேன்.