யூரிக் அமிலம் 7.8: புரதத்துக்கு ஆட்டுக்கறியா, பயறும் தயிருமா?

ஐம்பதைத் தாண்டியதும் என் தொடைத் தசை மெலிவதைப் பார்த்த மருத்துவர், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது தினமும் சேர வேண்டும் என்றார். அதே ரத்தப் பரிசோதனைத் தாளில் யூரிக் அமிலம் 7.8 என்று இருந்தது. 6.8க்கு மேல் போனால் அது ரத்தத்தில் முழுதாகக் கரைந்திருக்க முடியாமல், மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படியத் தொடங்கலாம். பெரும்பாலும் கால் பெருவிரல் அடியில் ஆரம்பிக்கும் அந்த வலிக்குத்தான் கவுட் என்று பெயர். புரதத்தைக் கூட்டவும் வேண்டும், யூரிக் அமிலத்தைக் கூட்டவும் கூடாது.

மேலூரில் இருக்கும் என் மைத்துனருக்கும் ஏறக்குறைய இதே நிலைமை. அவர் ஆட்டுக்கறியைத் தேர்ந்தெடுத்தார். நான் பயறு, முட்டை, தயிர் என்று போனேன். என் சாய்வு என் வழிக்குத்தான். அதற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

கறியின் பக்கம் நியாயம் இருக்கிறது. நூறு கிராம் பச்சைக்கறியில் 18 முதல் 20 கிராம் புரதம், கூடவே இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் கிடைக்கின்றன. ஈரல், சுவரொட்டி, மூளை ஆகியவற்றை யூரிக் அமிலக்காரர் தொடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். என் மைத்துனரும் அவற்றை விட்டுவிட்டார். வெறும் சதைக்கறி, அதுவும் அளவாக என்பது அவர் கட்சி.

சிக்கல் கறித்துண்டைவிடக் குழம்பில்தான் அதிகம். யூரிக் அமிலமாக மாறும் பொருளுக்குப் பியூரின் என்று பெயர். கறியைக் கொதிக்க வைத்தால் பியூரினில் கணிசமான பங்கு தண்ணீரில் இறங்கிவிடும். துண்டில் குறைகிறது, சாற்றில் சேர்கிறது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடும் ஊர்களில் இது நன்மையாக முடியலாம். மதுரைச் சமையலில் அந்தச் சாறுதான் விருந்தே. ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் தட்டில் விழும் கறி அவர் சொன்ன நூறு கிராம்தான். ஆனால் சோற்றின் மேல் இரண்டு கரண்டி எலும்புக் குழம்பு, இரவில் பரோட்டாவுக்குச் சால்னா, உடம்புக்கு நல்லது என்று நெஞ்செலும்பு சூப் ஒரு கிண்ணம். இவற்றில் புரதம் கொஞ்சம்தான், பியூரின் தாராளம். கறியின் எடையை மட்டும் பார்ப்பவர் கணக்கில் இது வருவதே இல்லை. கறிதான் வேண்டும் என்பவர் எலும்பில்லாத துண்டைச் சுக்காவாகத் தின்று, குழம்பையும் சூப்பையும் தள்ளி வைப்பதே மேல்.

நான் பயறு என்றதும் மைத்துனர் கேட்டார்: “மச்சான், பருப்பு வாய்வு, மூட்டைப் பிடிக்கும் என்று அப்பத்தா சொல்லிச் சொல்லியே வளர்த்தாரே. டாக்டர் கொடுத்த தாளிலும் பருப்பைக் குறை என்றுதானே இருக்கிறது?”

கேள்வி சரியானது. பியூரின் அட்டவணையை மட்டும் பார்த்தால் உலர்ந்த பயறு நூறு கிராமும் ஆட்டுக்கறி நூறு கிராமும் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இல்லை. பழைய உணவுப் பட்டியல்கள் பருப்பைத் தடுத்ததற்கு அதுவே காரணம். ஆனால் உணவின் பியூரினையும் தாண்டி, யாருக்கு கவுட் வந்தது என்று பார்த்தபோது கதை மாறியது. அமெரிக்காவில் 47,000க்கும் மேற்பட்ட ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2004இல் வெளிவந்த ஆய்வில், கறியும் மீனும் அதிகம் தின்றவர்களுக்கு கவுட் கூடுதலாக வந்தது. பியூரின் நிறைந்த பயறு, கீரை வகைகளைத் தின்றவர்களுக்குக் கூடவில்லை. பால் பொருள்களை அதிகம் சேர்த்தவர்களுக்குக் குறைந்தே இருந்தது. ஏற்கெனவே கவுட் உள்ளவர்களிடம் நடந்து 2012இல் வந்த இன்னோர் ஆய்வு கொஞ்சம் எச்சரிக்கை தருகிறது: பியூரின் மிக அதிகமாகச் சாப்பிட்ட நாள்களை ஒட்டி வலி திரும்பும் வாய்ப்பு, அது இறைச்சி, மீன் வழியாக வந்தால் ஏறத்தாழ 2.4 மடங்கு, செடி வழியாக வந்தால் 1.4 மடங்கு. ஆகவே பயறு முழுக்கக் குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. கறியைவிட வெகுவாக இலேசானது.

என் கணக்கு இதுதான். எடை 65 கிலோ, ஆகவே 65 கிராம் புரதம் வேண்டும். காலை இட்லி, மதியம் சோறு சாம்பார், இரவு தோசை என்று போட்டுப் பார்த்தால் 40ஐ ஒட்டித்தான் வந்தது. மீதி 25. இதைக் கறியால் நிரப்பினால் தினம் 130 கிராம் வேண்டும். நான் இரண்டு முட்டை (12 கிராம்), ஒரு பெரிய கிண்ணம் தயிர் (6 முதல் 7), ஒரு கைப்பிடி உலர்ந்த தட்டைப்பயறு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல் (6) என்று பிரித்துக்கொண்டேன். முட்டையிலும் தயிரிலும் பியூரின் பெயரளவுக்குத்தான். பால் புரதம் சிறுநீர் வழியே யூரிக் அமிலம் வெளியேறவும் உதவுகிறது. எனவே பாரத்தின் முக்கால் பங்கை இவை சுமக்க, பயறு கால் பங்கை மட்டும் சுமக்கிறது. சுண்டலுக்கு ஊறவைத்த தண்ணீரையும் வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிடுகிறோம். கறியில் செய்ய மனம் வராததை இங்கே எளிதாகச் செய்யலாம். கறி வேண்டும் என்று தோன்றும் வாரத்தில் ஒரு வேளை சுக்கா உண்டு. புரதப் பொடி நான் பயன்படுத்தியதில்லை. பாலிலிருந்து எடுத்தது என்றால் பியூரின் பயம் குறைவு என்பதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

எந்த வழியானாலும் தண்ணீர் குறைந்தால் பலன் இல்லை. யூரிக் அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை வெளியேற்றுவது சிறுநீரகம். சித்திரை வெயிலில் மதுரையில் அலைந்தவருக்கு உடம்பின் நீர் வியர்வையாகப் போய்விடும். கவுட் வலி பலருக்கு நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் எழுப்புவதற்கு இந்த வறட்சியும் ஒரு காரணமாக இருக்கலாம். எத்தனை தம்ளர் என்று எண்ணுவதைவிடச் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வைக்கோலின் வெளிர் மஞ்சளில் இருக்க வேண்டும், நாளுக்கு இரண்டு லிட்டர் அளவுக்குப் பிரிய வேண்டும். மோர் இங்கே இரட்டை லாபம். ஜிகர்தண்டாவும் பாட்டில் குளிர்பானமும் தாகம் தீர்ப்பதுபோல் இருந்தாலும், சர்க்கரையில் பாதி பிரக்டோஸ். அது உடைகிறபோது யூரிக் அமிலத்தையே உண்டாக்குகிறது. பீர் எல்லாவற்றிலும் மோசம். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் தண்ணீரின் அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் கூட்ட வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் உயர்ந்திருந்தால் புரதத்தைக் கூட்டுவதும் அப்படியே.

எனக்கு இதுவரை மூட்டில் வலி வந்ததில்லை, அதனால் என் அனுபவம் தடுப்பதோடு நிற்கிறது. உணவை ஒழுங்குபடுத்தினால் யூரிக் அமிலம் பெரும்பாலும் ஒரு புள்ளி அளவுக்குத்தான் இறங்கும். எண் 9ஐத் தாண்டி, வலியும் திரும்பத் திரும்ப வருபவருக்குச் சுண்டல் போதாது. மாத்திரை வேண்டும், 6க்குக் கீழே கொண்டுவர வேண்டும். ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரியும் மாத்திரை எடுப்பவர் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அதுவே யூரிக் அமிலத்தை ஏற்றலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது பரிசோதித்தால் எண் சாதாரணமாகவே காட்டக்கூடும். அதைப் பார்த்து இது கவுட் இல்லை என்று விட்டுவிடாமல், வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள்.