பதினோராம் பக்கத்து ஆர்பிட்ரேஷன் ஷரத்து: மூன்றரை வருட அனுபவம்

தண்டையார்பேட்டையில் எனக்கு ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை இருக்கிறது. குடோன்களுக்கு இரும்பு ரேக் செய்து மாட்டிக் கொடுப்போம். 2021 ஜனவரியில் மாதவரத்தில் இருக்கும் ஒரு பெரிய கம்பெனி குடோனுக்கு வேலை எடுத்தேன். ஆகஸ்டில் வேலை முடிந்தது. 8,40,000 ரூபாய் பாக்கி நின்றுவிட்டது. அந்தப் பாக்கியை வசூலிக்கப் போன வழியில்தான் ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் இருந்த ஒரு பத்தியோடு மூன்றரை வருடம் வாழ்ந்தேன்.

அந்தப் பத்தி சொன்னது இவ்வளவுதான். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் பதிலாக ஒரே ஒரு ஆர்பிட்ரேட்டர், அதாவது தனி நடுவர், விசாரித்துத் தீர்ப்பு சொல்வார், அவரைக் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் நியமிப்பார், ஆர்பிட்ரேஷனின் இருக்கை மும்பை. கையெழுத்துப் போடும்போது ரேட்டையும் டெலிவரி தேதியையும்தான் பார்த்தேன். இதைப் படிக்கவில்லை.

முதலில் பார்த்த வக்கீல் இந்தப் பத்தியைக் காட்டியே பேசினார். "ஷரத்து இருக்கிறது என்பதற்காக கோர்ட் தானாகவே கதவை மூடாது. எதிர்த்தரப்பு வந்து கேட்டால்தான் அனுப்பும். போட்டுப் பார்க்கலாம், அவர்கள் கேட்காமல் விட்டால் இங்கேயே நடக்கும்" என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரிதான். எனக்கும் மும்பைக்குப் போக மனமில்லை, ஒத்துக்கொண்டேன்.

தொகை மூன்று லட்சத்துக்கு மேல், அதுவும் வியாபாரத் தகராறு என்பதால் முதலில் சட்டப்பணிகள் ஆணையத்தில் சமரசத்துக்கு மனு கொடுக்க வேண்டியிருந்தது. கம்பெனி வரவே இல்லை. சமரசம் தொடங்கவில்லை என்ற அறிக்கையை வாங்கிக்கொண்டு 2022 மார்ச்சில் வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் மூன்று சதவீதம், எனக்கு 25,200 ரூபாய் ஆனது.

கம்பெனி வக்கீல் முதல் வாய்தாவிலேயே தயாராக வந்தார். எதிருரை தாக்கல் செய்யவில்லை. 1996ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 8ஆம் பிரிவில் ஒரு மனுவை மட்டும் போட்டார், கூடவே ஒப்பந்தத்தின் அசலை வைத்தார். இந்த வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. வழக்கின் உள்விவகாரத்தைப் பற்றி எதிர்த்தரப்பு தன் முதல் பதிலைத் தாக்கல் செய்யும் நேரத்துக்குள் இந்த மனு வந்துவிட வேண்டும். கொருக்குப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் நண்பருக்கு இது தலைகீழாக நடந்தது. அவர் பிரதிவாதி. முதலில் நீளமாக எதிருரை போட்டுவிட்டு, சில மாதம் கழித்து ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். நேரம் போய்விட்டது என்று தள்ளுபடி ஆனது. வழக்கு கோர்ட்டிலேயே நடந்தது.

படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று நாங்கள் வாதாடினோம். அது எடுபடவில்லை. 8ஆம் பிரிவில் கோர்ட் மேலோட்டமாகப் பார்ப்பது ஒன்றைத்தான்: செல்லத்தக்க ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் இருக்கிறதா? இருந்தால் அனுப்பியே ஆக வேண்டும். பாக்கி உண்மையா, ரேக் சரியாக மாட்டப்பட்டதா என்பதற்குள் கோர்ட் போகவே இல்லை. 2022 நவம்பரில் உத்தரவு வந்தது. அனுப்ப மறுத்தால்தான் அப்பீல் உண்டு, அனுப்பிய உத்தரவின் மேல் சட்டத்தில் அப்பீல் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எட்டு மாதம் போனது. அந்த வக்கீலை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல வக்கீல் வைத்திருக்கும் கம்பெனியை எதிர்த்து இப்படிப் 'போட்டுப் பார்ப்பது' வேண்டாம்.

பாக்கியைக் கேட்க இருக்கும் மூன்று வருடக் காலவரம்பில் அந்த எட்டு மாதமும் கழிந்துவிட்டதோ என்று பயந்தேன். நல்லெண்ணத்தோடு தவறான இடத்தில் வழக்கு நடத்திய காலத்தைக் கழித்துக் கணக்கிடலாம் என்று காலவரையறைச் சட்டம் 14ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் அதை நம்பி உட்காரவில்லை. டிசம்பரிலேயே ஆர்பிட்ரேஷன் சட்டம் 21ஆம் பிரிவுப்படி ஆர்பிட்ரேஷன் கோரும் நோட்டீஸ் அனுப்பினோம். அது எதிராளி கையில் போய்ச் சேரும் நாள்தான் ஆர்பிட்ரேஷன் தொடங்கிய நாள். அதனால் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்தோம்.

பதிலுக்குக் கம்பெனி தானே ஒரு ஆர்பிட்ரேட்டரை நியமித்துக் கடிதம் அனுப்பியது. என் இரண்டாவது வக்கீல் அம்மா அதை ஏற்கவில்லை. தகராறின் முடிவில் அக்கறையுள்ள ஒருவர் தனியாக ஆர்பிட்ரேட்டரை நியமிக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதைக் காட்டிப் பதில் எழுதினார். ஆக, ஷரத்து செல்லும், அதற்குள் இருந்த நியமன அதிகாரம் மட்டும் செல்லாது. இதைத் தெரியாமல் அந்த ஆர்பிட்ரேட்டர் முன்னால் போய் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

இரு தரப்பும் ஒத்துவராவிட்டால் ஆர்பிட்ரேட்டரை நியமிக்கச் சொல்லி 11ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஆனால் இருக்கை மும்பை என்பதால் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இந்த ஒரு வார்த்தையின் கனம் அப்போதுதான் தெரிந்தது. இருக்கை என்றால் உட்கார்ந்து விசாரிக்கும் ஊர் மட்டுமல்ல, எந்த ஊர்க் கோர்ட் மேற்பார்வை பார்க்கும் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. இடைக்காலப் பாதுகாப்பு கேட்கும் 9ஆம் பிரிவு மனு, தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் 34ஆம் பிரிவு மனு எல்லாமே அங்கேதான். விசாரணையை வேறு ஊரில் வைத்துக்கொள்ளச் சட்டம் விடுகிறது. நல்லவேளையாக, 2023 ஏப்ரலில் ஓய்வு பெற்ற ஒரு மாவட்ட நீதிபதியை இரு தரப்பும் ஒத்துக்கொண்டோம். அமர்வுகள் சென்னையிலும் வீடியோவிலும் நடந்தன.

செலவைச் சொல்லிவிடுகிறேன். ஆர்பிட்ரேட்டர் கட்டணத்துக்குச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் ஒரு மாதிரி இருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டோம். ஐந்து லட்சம் வரை 45,000, அதற்கு மேல் உள்ள தொகைக்கு 3.5 சதவீதம். எனக்கு 56,900 வந்தது. தனி ஆர்பிட்ரேட்டர் என்பதால் அதன் மேல் 25 சதவீதம் கூட. மொத்தம் 71,125, ஆளுக்குப் பாதி. கோர்ட்டில் நீதிபதிக்கு நாம் சம்பளம் கொடுப்பதில்லை. சின்னத் தொகைத் தகராறில் இது உறுத்தும்.

வேகத்தில் மட்டும் எனக்கு மனநிறைவு. இரு தரப்பும் கோரிக்கையையும் பதிலையும் எழுத்தில் தாக்கல் செய்து முடித்ததிலிருந்து 12 மாதத்துக்குள் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பது சட்டம். எங்களுக்குப் பத்து மாதத்தில், 2024 ஜூலையில் வந்தது. தாமதத்துக்கு 80,000 கழித்து 7,60,000 ரூபாயும் வட்டியும். நீதிபதி ஐயா ரேக் வரைபடங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேள்வி கேட்டார். வழக்கமான வாய்தாவில் அந்தப் பொறுமை கிடைத்திருக்குமா தெரியாது.

தீர்ப்பு வந்ததும் பணம் வந்துவிடாது. எதிர்த்து மனுப் போட அவர்களுக்கு மூன்று மாத அவகாசம், போதிய காரணம் காட்டினால் இன்னும் முப்பது நாள். அவர்கள் போடவில்லை, பணமும் கட்டவில்லை. நவம்பரில் நிறைவேற்று மனு போட்டோம். அதற்கும் மும்பையா என்று கேட்டேன். வேண்டாம், சொத்து இருக்கும் ஊரிலேயே நேரடியாகப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது என்றார் வக்கீல் அம்மா. பாரிமுனையில் இருந்த அவர்களின் வங்கிக் கணக்கை முடக்கக் கேட்டோம். 2025 ஜனவரியில் பணம் வந்தது.

இப்போது ஒப்பந்தம் வந்தால் ரேட்டைப் பார்க்கும் முன் இந்தப் பத்தியைத் தேடுகிறேன். 'இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஆர்பிட்ரேட்டர், இருக்கை சென்னை' என்று மாற்றிக் கேட்கிறேன். போன வருடம் மூன்று பேரிடம் கேட்டேன், இரண்டு பேர் மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றாமவர் மறுத்தார். அவரிடம் முன்பணத்தைப் பாதியாக உயர்த்திக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வேலை ஆரம்பித்தேன்.