ஏஜென்சி வழியாக ரீல்ஸ் எடுப்பவர்களுக்கு: உங்கள் பிரீஃப் இன்ஃப்ளூயன்சர் கைக்குப் போகிறதா என்று பாருங்கள்

வீட்டிலேயே சீயக்காய்த்தூள் அரைத்து விற்கிறோம். தலைமுடிப் பராமரிப்பு பற்றிப் பேசும், பத்து இருபதாயிரம் ஃபாலோயர் உள்ள சிலரை வைத்து ரீல்ஸ் போட ஓர் ஏஜென்சிக்குப் பணம் கட்டினோம். அந்த ஏஜென்சி செய்ததை மற்ற சிறு வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் கொடுத்த பிரீஃப் ஒரே பக்கம்தான். என்னென்ன சேர்த்து அரைக்கிறோம், எப்படிக் குழைத்துத் தேய்ப்பது, என்ன விலை என்ற மூன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். முடி உதிர்வது நிற்கும் என்று மட்டும் சொல்லக் கூடாது. நடுப்பகுதியைக் காலியாக விட்டு, "நாலு தடவை தலைக்குக் குளித்த பிறகு உங்களுக்குத் தோன்றியதை உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள். பிடிக்காதது இருந்தால் அதையும் சொல்லுங்கள், வெட்டச் சொல்ல மாட்டோம்" என்று எழுதியிருந்தேன்.

ரீல்ஸ் வெளிவந்ததும் பார்த்தால், அத்தனை பேரும் "முடி கொட்டுறது ஒரே வாரத்துல நின்னுடுச்சு மக்களே" என்ற ஒரே வரியில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒருவர் கையில் இருந்த பாக்கெட்டின் சீல்கூடப் பிரிக்கப்படவில்லை. "இதே டயலாக்கை இன்னொருத்தர் ரீல்லயும் கேட்டேனே" என்று கமெண்டில் கேட்டுவிட்டார்கள்.

அந்தப் பெண்களில் ஒருவரிடம் பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. "அக்கா, உங்க பிரீஃப் எங்களுக்கு வரவே இல்ல. முழு ஸ்கிரிப்ட் அனுப்பி மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க. நான் நிஜமாவே தேய்ச்சுப் பார்த்தேன். முடி கொஞ்சம் வறண்டுச்சு, முதல் நாள் ராத்திரி எண்ணெய் வச்சா சரியாயிடுதுன்னு பேசியிருந்தேன். அதை வெட்டச் சொல்லிட்டாங்க" என்றார்.

எனக்கு வேண்டியிருந்ததே அந்த வரிதான். சீயக்காய் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். வறண்ட முடிக்காரர்கள் அது தெரியாமல் வாங்கினால் அடுத்த பாக்கெட் வாங்க மாட்டார்கள். குறையையும் அதற்கு வழியையும் சேர்த்துச் சொல்பவரை நம்பித்தான் ஜனங்கள் ஆர்டர் போடுகிறார்கள்.

இன்னொன்று, எந்த ரீலிலும் விளம்பரம் என்ற குறிப்பே இல்லை. பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அதைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் வரை அபராதம் உண்டு. பொருளைத் தயாரிப்பவரும் அதில் சிக்குவார்.

ரீல்களை நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள். பணத்தைக் கேட்டதற்கு, "போஸ்ட் போட்டாச்சு, வேலை முடிஞ்சது" என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தில் ரீல்களின் எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது என்பதைக் காட்டியே கைவிரித்தார்கள்.

ஏஜென்சி பிடிப்பவர்கள் பிரீஃபை ஒப்பந்தத்தோடு இணைத்து, மாற்றினால் பணம் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பேசப்போகிறவரையும் வைத்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, பிரீஃபை அதில் நீங்களே போடுங்கள். குழுவே வேண்டாம் என்று ஏஜென்சி மறுத்தால் முன்பணம் கட்டாதீர்கள்.