சில்லறைச் செலவுப் பெட்டி: நிலைத்தொகையா, அவ்வப்போது நிரப்புவதா?

கேட்கும்போதெல்லாம் பெட்டியில் 2,000, 3,000 ரூபாய் என்று போட்டால், இருப்பைச் சரிபார்க்கப் பதிவேட்டின் பழைய வரிகளை நம்ப வேண்டும். ஒரு வரவு விட்டுப்போனால் அது எந்த நாளில் என்றே தெரியாது.

நிலைத்தொகை முறையில் 5,000 வைத்தால், கடைசியாக நிரப்பிய பின் சேர்ந்த வவுச்சர்களும் கையிருப்பும் சேர்ந்து எப்போதும் 5,000 ஆக வேண்டும். ஒரு மாலை வவுச்சர்கள் 3,180, பணம் 1,700, 120 குறைகிறது. வவுச்சர் எண்களைப் புரட்டினால் 43க்கு அப்புறம் 45. விடுபட்ட 44, கூரியர் செலவு 120, மேசை இழுப்பறையில் கிடந்தது. சரி, இனி 3,300 மட்டும் நிரப்பினால் போதும்.

செலவு மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறினால் தொகையைத் திருத்த வேண்டியிருக்கும். ஆனாலும் சிறு அலுவலகத்துக்கு நான் நிலைத்தொகையையே சொல்வேன்.