கூகிள் விளம்பரம்: பிராட் மேட்ச்சும் நீண்ட தடுப்புப் பட்டியலுமா, ஃப்ரேஸ் மேட்ச்சா?

திருகோணமலையில் தூண்டில், ரீல், நரம்பு என்று மீன்பிடிச் சாமான் விற்கிறோம். நிலாவெளிப் பக்கம் மச்சானும் அதே சாமான்தான் விற்கிறார், குடும்பத்துக்குள்ளேயே போட்டி. இரண்டு கடைக்கும் கூகிள் தேடலில் விளம்பரம் ஓடுகிறது. எந்தத் தேடலுக்கு விளம்பரம் காட்ட வேண்டும் என்று நாம் கொடுக்கும் சொல்தான் கீவேர்ட். அவர் அதை, தொடர்புடைய தேடல் எல்லாவற்றுக்கும் திறந்துவிடும் பிராட் மேட்ச்சில் விட்டுவிட்டு, வேண்டாத தேடல்களை நெகட்டிவ் கீவேர்டால் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு போகிறார். நான் வாசலையே ஒடுக்கி, ஃப்ரேஸ், எக்ஸாக்ட் இரண்டில் மட்டும் வைத்து, நெகட்டிவைக் குறைவாகப் போட்டிருக்கிறேன். என் சாய்வு என் வழிப் பக்கம்தான், அதை மறைக்கவில்லை.

வித்தியாசம் தெரிந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஒரு குறியும் இல்லாமல் எழுதினால் பிராட், மேற்கோள் குறிக்குள் போட்டால் ஃப்ரேஸ், சதுர அடைப்புக்குள் போட்டால் எக்ஸாக்ட். ஃப்ரேஸ் என்றால் கீவேர்டின் பொருள் உள்ளே இருக்கும் தேடலுக்கும், எக்ஸாக்ட் என்றால் கீவேர்டின் அதே பொருள் உள்ள தேடலுக்கும் மட்டும் விளம்பரம் போகும். கீவேர்டைச் சும்மா தட்டிச் சேர்த்தால் அது பிராட்டாகத்தான் உட்காரும். `fishing rod` என்பதை பிராட்டில் விட்டால், கூகிள் அதைத் தொடர்புடைய எதனோடும் இணைக்கலாம். `trincomalee fishing trip` என்று தேடுகிற சுற்றுலாக்காரருக்கும் நம் விளம்பரம் போகும். அவர் கிளிக் பண்ணிப் பார்ப்பார், தூண்டில் விலை தெரிந்ததும் திரும்பிவிடுவார். காசு நம்முடையது.

கணக்குக்காக ஒரு கிளிக் 25 ரூபாய், ஒரு நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 20 கிளிக். அதில் 12 பேர் படகுப் பயணம் தேடியவர்கள் என்றால் 300 ரூபாய் போய்விட்டது. மிச்சம் எட்டுப் பேரில்தான் வாங்குகிறவரைத் தேட வேண்டும்.

சரி, அடைத்துவிட்டால் தீர்ந்ததே என்பார் மச்சான். எனக்கு அவர் வழி ஒத்துவராததற்கு இந்த இடம்தான் காரணம், ஏனென்றால் நெகட்டிவ் கீவேர்ட் கீவேர்டைப் போல வேலை செய்வதில்லை. கீவேர்ட் பக்கம் கூகிள் பன்மை, ஒத்த சொல், அதே கருத்துள்ள வேறு சொல் எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளும். நெகட்டிவ் பக்கம் அந்தத் தாராளம் கிடையாது. எழுத்துப்பிழையை மட்டும் 2024 முதல் அதுவாகவே பிடிக்கிறது. `trip` என்று தடுத்தால் `trips` நிற்காது. `tour` வேறு, `tours` வேறு. ஒருநாள் மச்சான் கேட்டார்: “ட்ரிப் எண்டதை அடைச்சாச்சே மச்சான், பிறகும் ஏன் வருகுது?” பட்டியலைத் திறந்து பார்த்தால் எஸ் சேர்ந்த சொல் அதில் இல்லை.

தமிழில் இது இன்னும் கஷ்டம். நம் சொற்கள் வேற்றுமை உருபோடுதான் நடமாடும். `வாடகை` என்பதை அடைத்தால் `வாடகைக்கு` தப்பிவிடும். `படகு`, `படகில்`, `படகுக்கு` மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். அதோடு பாதிப்பேர் ஆங்கில எழுத்தில் `padagu vadagai` என்று தட்டுகிறார்கள், அதுவும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். ஆங்கிலக் கடைக்காரர் இரண்டு வரி எழுதுகிற இடத்தில் நாம் பத்து வரி எழுதுகிறோம்.

இன்னொரு பொறி, எந்தத் தேடலுக்கு விளம்பரம் போனது என்று காட்டும் தேடல் சொல் அறிக்கையில் இருக்கிறது. அதில் ஒரு வரியைத் தெரிவு செய்து நெகட்டிவாகச் சேர்த்தால், அது எக்ஸாக்ட்டாகத்தான் போகும். அதாவது `[trincomalee fishing trip price]` என்ற அந்த ஒரு தேடல் மட்டும் நிற்கும். நாளைக்கு ஒருவர் கடைசிச் சொல்லை மாற்றித் தேடினால் காசு மறுபடியும் போகும். அறிக்கையிலிருந்து சேர்க்கும்போது அடைப்புக்குறியை எடுத்துவிட்டு, குற்றவாளிச் சொல்லை மட்டும், இங்கே `trip`, விடுவதுதான் வேலைக்காகும். ஆனால் அதிலும் கை நீளக்கூடாது. படகுத் தேடல் தொல்லை என்று `boat` என்று அடைத்தால், `boat fishing rod` என்று தேடி வருகிற நல்ல வாடிக்கையாளரும் வெளியே. அது கடையில் தொங்குகிற சாமான். அந்தச் சொல்லுக்கு `"boat trip"`, `"boat rent"` என்று ஃப்ரேஸாகப் போடுவதுதான் சரி.

இத்தனை கவனம் எடுத்தாலும் ஒரு பகுதி கைக்கு எட்டாது. குறைவான பேர் தேடிய சொற்களை கூகிள் அறிக்கையில் காட்டாது, மற்றவை என்று மொத்தமாகக் கூட்டிப் போட்டுவிடும். சின்னக் கடைக்கு கிளிக்கே குறைவு, அதிலும் பிராட்டில் ஆளுக்கொரு விதமாகத் தேடுவதால் அந்த மறைந்த பங்கு கூடத்தான் செய்யும். கண்ணுக்குத் தெரியாத சொல்லை எப்படி அடைப்பது?

நம் ஊருக்கு இது இரட்டைத் தொல்லை. மழை மாதங்களில் பட்டியல் முழுமையாகிவிட்டது போலத் தெரியும். சித்திரை, வைகாசியில் உப்புவெளி, நிலாவெளிக்குச் சுற்றுலாக்காரர் வரத் தொடங்கியதும் புறாத்தீவு, ஸ்நோர்க்கலிங், ஹோட்டல் என்று புதுச் சொற்கள் உள்ளே வரும். வாராவாரம் உட்கார்ந்து பார்க்க ஆள் இருந்தால் சரி. மச்சானிடம் கடையில் நிற்கும் பையன் ஒருவன்தான், அவனுக்கும் தூண்டில் கட்டுகிற வேலை இருக்கிறது.

என் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்:

```
"fishing rod"
"fishing reel"
[fishing rod price]
```

நெகட்டிவில் இவை:

```
trip
trips
rent
minecraft
drawing
"how to make"
```

மைன்கிராஃப்ட் எதற்கு என்று கேட்பீர்கள். அந்த விளையாட்டிலும் தூண்டில் உண்டு, பிள்ளைகள் அதைச் செய்வது எப்படி என்று தேடுகிறார்கள். ஃப்ரேஸும் பொருளை வைத்துத்தான் பொருத்துகிறது, அதனால் இது போன்றவை அதிலும் நுழையும். ஆனால் தூண்டில் என்ற சாமானைச் சுற்றியே நுழையும். அடைக்க வேண்டிய சொற்கள் பெரும்பாலும் முன்கூட்டியே ஊகிக்கக்கூடியவை, சுற்றுலாப் பருவம் வந்தால் பட்டியல் வீங்குவதும் குறைவு. இந்தப் பட்டியலைப் பகிரும் நெகட்டிவ் பட்டியலாக வைத்தால், இன்னொரு விளம்பரம் தொடங்கும்போது அதையே பொருத்திவிடலாம்.

இதன் குறை, தேடல் எண்ணிக்கை குறையும் என்பது. `[fishing rod price]` மட்டும் நம்பி இருந்தால் சில நாளில் விளம்பரம் யாருக்குமே காட்டாது. அதனால்தான் எக்ஸாக்ட்டோடு நிற்காமல் ஃப்ரேஸும் வைத்திருக்கிறேன்.

பிராட்டுக்கு ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும். விற்பனையை முறையாகப் பதிவு செய்கிற, தினமும் ஓரளவு ஆர்டர் வருகிற இணையக் கடைக்கு, கிளிக்குக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை அதுவே தீர்மானிக்கும் கூகிளின் தானியங்கி ஏலத்தோடு சேர்த்து பிராட் நன்றாகப் போகலாம். கூகிளும் அதைத்தான் சிபாரிசு செய்கிறது. எங்களிடம் பாதி ஆர்டர் தொலைபேசியிலும் மீதி வட்ஸ்அப்பிலும் வருகிறது, அது கணக்கில் ஏறுவதில்லை. எனவே அந்த நிலையில் நான் ஓட்டிப் பார்த்தவனல்ல. வாடிக்கையாளர் என்ன சொல்லித் தேடுகிறார் என்றே தெரியாத புதுச் சாமானுக்கு, சின்னத் தொகை வைத்துக் கொஞ்ச நாள் பிராட்டில் விட்டு, வந்த சொற்களில் நல்லவற்றை ஃப்ரேஸுக்கு மாற்றிவிட்டு பிராட்டை நிறுத்துவதில் தவறில்லை. நிறுத்த மறக்காமல் இருக்க, தொடங்கும்போதே விளம்பரத்துக்கு முடிவுத் திகதி போட்டுவிடுங்கள்.