எச்எஸ் கோடு யாரிடம் கேட்பது: சப்ளையரிடமா, சுங்க முகவரான சிஎச்ஏவிடமா?

சீனாவிலிருந்து தண்ணீர் பாட்டில் இறக்குமதி செய்யப் போகிறீர்கள், சென்னைத் துறைமுகத்தில் எவ்வளவு வரி வரும் என்று ஆர்டருக்கு முன்பே தெரிய வேண்டும். அதற்கு, சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்ணான எச்எஸ் கோடு வேண்டும்.

பலரும் செய்வது, கொட்டேஷன் வந்ததும் "எச்எஸ் கோடு அனுப்புங்க" என்று ஒரு வரி தட்டிவிடுவது. பதிலும் ஒரு வரியில்தான் வரும்: மொத்தப் பட்டியலுக்கும் 7323. ஆனால் ஒற்றைச் சுவர் ஸ்டீல் பாட்டில் மட்டும்தான் அங்கே போகும். இரட்டைச் சுவர் வேக்குவம் பிளாஸ்க் 9617, வீட்டு உபயோக பிளாஸ்டிக் பாட்டில் 3924. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் மூன்றும் மூன்று அத்தியாயம்.

இதைவிட நல்லது, கொட்டேஷனிலேயே ஒவ்வொரு பொருளுக்கும் கோடு, எந்த மூலப்பொருளால் ஆனது, வேக்குவம் உண்டா, எத்தனை லிட்டர் என்று நான்கு நெடுவரிசை போட்டு நிரப்பச் சொல்வது. முதல் இரண்டு இலக்கம்தான் அத்தியாய எண், அதனால் ஸ்டீல் பொருளுக்கு நேரே 39 இருந்தால் தப்பு உடனே தெரிந்துவிடும். இதற்கும் ஒரு எல்லை உண்டு. முதல் ஆறு இலக்கம்தான் உலகத்துக்குப் பொது, அதற்குப் பிறகு சீனா ஒரு விதமாகப் பிரிக்கிறது, எட்டு இலக்கம் பயன்படுத்தும் இந்தியா வேறு விதமாகப் பிரிக்கிறது. அப்புறம், சப்ளையருக்கு அங்கே கிடைக்கும் ஏற்றுமதி வாட் ரீஃபண்டும் கோடைப் பொறுத்தது என்பதால் அவர் தனக்குத் தோதானதையே எழுதவும் வாய்ப்புண்டு.

சப்ளையரை விட்டுவிட்டு நேராக சிஎச்ஏவிடம் போனால்? எட்டு இலக்கமும் இன்றைய வரி விகிதமும் அவருக்குத்தான் தெரியும். ஆனால் வெறும் போட்டோவைப் பார்த்து உள்ளே வேக்குவம் இருக்கிறதா என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

கோடு மாறினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். சரக்கு விலை, காப்பீடு, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்த சிஐஎஃப் மதிப்பு 1,00,000 ரூபாய், ஐஜிஎஸ்டி 18% என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை வரி 10% என்றால் 10,000, அதன் மேல் சமூகநல சர்சார்ஜ் 1,000, இவற்றையும் சேர்த்த 1,11,000-க்கு ஐஜிஎஸ்டி 19,980, ஆக 30,980. அடிப்படை வரி 20% என்றால் இதே கணக்கு 43,960-ல் நிற்கும். ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொண்டால்கூட 11,000 ரூபாய் வித்தியாசம் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

என் தேர்வு, பொருள்வாரியாக சப்ளையரிடம் வாங்கி, அந்த விவரத்தோடு சிஎச்ஏவிடம் எட்டு இலக்கத்தை உறுதி செய்வதுதான். சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவமான பில் ஆஃப் என்ட்ரியில் சுய மதிப்பீடு செய்வது நீங்கள். "சப்ளையர் இன்வாய்ஸில் இப்படித்தான் போட்டிருந்தார்" என்று சுங்கத்தில் சொல்லித் தப்ப முடியாது. இரண்டு கோடுக்கு நடுவில் சந்தேகம் தீரவில்லையென்றால் கூடுதல் வரியை வைத்தே விலை போடுங்கள். பெரிய ஆர்டராக இருந்தால், சரக்கு கிளம்பும் முன்பே சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் விண்ணப்பித்துக் கேட்டுவிடலாம்.